குற்றப்பத்திரிகையில் பிரிவு, சாட்சி, ஆவணம்: மூன்றையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

"நாங்கள் பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். என் தம்பி ஒரு கம்பெனியில் வசூல் வேலை பார்த்தான். பணத்தைக் கையாடினான், போலி ரசீது போட்டான் என்று வழக்கு. போன வாரம் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை நகல் கொடுத்தார்கள். 316(4), 318(4), 336(3), 340(2) என்று பிரிவுகள் போட்டிருக்கிறது. சாட்சிகள் பதினாலு பேர். எல்லாம் கன்னடம். வக்கீலிடம் போவதற்கு முன் இதில் என்ன இருக்கிறது என்று நாங்களே புரிந்துகொள்ள முடியுமா? எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?"

முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடத்திலிருந்து தொடங்காதீர்கள். கர்நாடகக் காவல்துறையின் குற்றப்பத்திரிகைப் படிவத்தில் வழக்கின் சுருக்கம் பெரும்பாலும் 17-ம் பத்தியில் இருக்கும். எல்லோரும் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். அது புலனாய்வு அதிகாரி, தான் எட்டிய முடிவைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே கதையாகச் சொல்லும் இடம். அதில் இடைவெளி இருக்காது, சந்தேகம் இருக்காது. படித்து முடிக்கும்போது குற்றம் நிரூபணமாகிவிட்டது என்ற எண்ணம் வீட்டாருக்கே வந்துவிடும். அந்தக் கதை சாட்சியம் அல்ல. அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் யாராவது ஒரு சாட்சி கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், அல்லது ஏதாவது ஓர் ஆவணம் காட்ட வேண்டும். ஆகவே அதைக் கடைசியில் படியுங்கள்.

முதல் வேலை, நகல் கையில் கிடைத்த தேதியை அதன் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டத்தின் 230-ம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் முன்னிலையான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் இந்த நகல்களைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. மாஜிஸ்திரேட் விசாரிக்கும் இத்தகைய வழக்கில், விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனுவை நகல் பெற்ற நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தாக்கல் செய்யலாம் என்று 262-ம் பிரிவு காலம் குறித்திருக்கிறது. பழைய சட்டத்தில் இந்தக் கெடு இல்லாததால், அடுத்த வாய்தாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து நாட்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கட்டின் முன்னால் உள்ள அட்டவணையை வைத்துக்கொண்டு பக்கங்களை எண்ணுங்கள். முதல் தகவல் அறிக்கை, அதற்கு அடிப்படையான புகார், கைப்பற்றியதையும் பார்வையிட்டதையும் சாட்சிகள் முன்னிலையில் எழுதிய மகஜர்கள், ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலம், பட்டியலிட்ட ஒவ்வோர் ஆவணம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். மகஜரின் பின்பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப்படாமல் போவது மிகச் சாதாரணம். சாட்சிகளின் கையெழுத்தும் நேரமும் இருப்பதோ பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில்தான். குறைந்த பக்கங்களை எண் குறிப்பிட்டு எழுதி வையுங்கள். வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறுவார்.

கன்னடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சில சொற்கள் தெரிந்தால் கட்டில் எது எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும். 'கலம்' என்றால் சட்டப்பிரிவு. 'பிர்யாதி' புகார்தாரர். 'ஆரோபி' குற்றம் சாட்டப்பட்டவர். 'ஹேளிகே' வாக்குமூலம். 'மஹஜரு' நம் மகஜர்தான். சாட்சிகளின் எண்ணுக்கு முன்னால் 'சா.சா.' என்றோ, ஆங்கிலத்தில் எழுதினால் சி.டபிள்யூ. என்றோ இருக்கும், குற்றப்பத்திரிகைச் சாட்சி என்று பொருள். பக்கத்து வீட்டில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை அமர்த்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதை முடித்துவிடலாம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மொழி தெரியாது என்பதாலேயே குற்றப்பத்திரிகை செல்லாததாகிவிடாது என்றும், அவருடைய வழக்கறிஞருக்கு அந்த மொழி தெரிந்தால் அவர் விளக்கிச் சொல்லலாம், அவருக்கும் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புக் கேட்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023-ல் கூறியிருக்கிறது.

இனி படிக்கும் முறை. ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் ஒவ்வொரு பிரிவும் எதை எதை நிரூபிக்கச் சொல்கிறது என்பதைத் துண்டு துண்டாக எழுதுங்கள். இரண்டாவதில் அந்தத் துண்டைச் சொல்லப்போகும் சாட்சியின் எண். மூன்றாவதில் அதைக் காட்டும் ஆவணத்தின் எண். எழுதி முடித்தபின் எந்தக் கட்டங்கள் காலியாக நிற்கின்றன என்பதுதான் நீங்கள் வழக்கறிஞரிடம் கொண்டுபோக வேண்டிய செய்தி. இது வெறும் பேச்சாகத் தோன்றக் கூடாது என்பதற்காக, உங்கள் தம்பியுடையதைப் போன்றே நான் நடத்திவரும் ஒரு வழக்கை, அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கிவிட்டு, எடுத்துச் சொல்கிறேன்.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கடை கடையாகச் சென்று பாக்கி வசூலிக்கும் ஊழியர். 2024 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை 19 கடைகளில் வாங்கிய ரூ. 6,40,000-ஐ நிறுவனத்தில் கட்டவில்லை, மேலாளர் கையெழுத்தைப் போலியாகப் போட்ட ரசீதுகளைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. நீங்கள் எழுதியுள்ள அதே நான்கு பிரிவுகள், பதினான்கு சாட்சிகள், 22 ஆவணங்கள். 2024 நவம்பரில் முதல் தகவல் அறிக்கை பதிவானபோது 316(4), 318(4) ஆகிய இரண்டு மட்டுமே இருந்தன. மற்ற இரண்டும் குற்றப்பத்திரிகையில் சேர்ந்தன. இப்படி முதல் தகவல் அறிக்கையில் இல்லாமல் பின்னால் சேர்ந்த பிரிவு எது, இருந்து நீங்கிய பிரிவு எது என்று முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். சேர்ந்த பிரிவுக்கு இடையில் புதிதாக ஏதோ ஒரு சாட்சியோ ஆவணமோ கிடைத்திருக்க வேண்டும். அது எது என்று தேட வேண்டும்.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4), எழுத்தரோ ஊழியரோ செய்யும் நம்பிக்கை மோசடி, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 408. ஏழு ஆண்டு வரை சிறை. இதைத் துண்டாக்கினால் மூன்று வரும்: அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர், ஊழியர் என்ற முறையில் அந்தப் பணம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது, அதை அவர் நேர்மையற்ற எண்ணத்துடன் தனதாக்கிக்கொண்டார். முதல் துண்டுக்கு நியமனக் கடிதமும் சம்பள விவரமும் இருந்தன. அங்கே சண்டை போட இடமில்லை. இரண்டாவது துண்டுக்கு வந்தபோதுதான் எண்ணிக்கை பேசத் தொடங்கியது. பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கடைகள் 19. சாட்சிப் பட்டியலில் இருந்த கடைக்காரர்கள் நால்வர். அந்த நால்வரும் கொடுத்ததாகச் சொன்ன தொகைகள் 52,000, 38,000, 27,000, 18,000; கூட்டினால் ரூ. 1,35,000. மீதமுள்ள ஐந்து லட்சத்து ஐயாயிரத்துக்கு நிறுவனத்தின் கணக்காளர் எடுத்துக்கொடுத்த பேரேட்டுப் பக்கங்கள் தவிர வேறு எதுவும் இல்லை. வியாபார நடைமுறையில் ஒழுங்காக எழுதப்பட்ட கணக்குப் புத்தகம் ஏற்கத்தக்க சான்றுதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 28-ம் பிரிவு சொல்கிறது. வழக்கின் அளவு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் என்று 17-ம் பத்தி சொல்லும். சாட்சிப் பட்டியலோ ஒன்றே கால் லட்சத்துக்குச் சற்று மேலேதான் சொல்லும். இந்த வித்தியாசத்தைக் கூட்டல் தெரிந்த யாரும் கண்டுபிடிக்கலாம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே அகற்ற வேண்டும். ஒவ்வொரு வசூலுக்கும் தனித்தனித் தேதியும் தொகையும் எழுதவில்லை, ஆகவே குற்றப்பத்திரிகை நிற்காது என்று சிலர் சொல்வார்கள். நம்பிக்கை மோசடியில், ஓராண்டுக்கு மேற்படாத காலத்துக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் மொத்தத் தொகையைக் குறிப்பிட்டாலே குற்றச்சாட்டு வனையப் போதும் என்று நடைமுறைச் சட்டத்தின் 235-ம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே அந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

318(4) ஏமாற்றுதல், பழைய 420. இதன் முக்கியமான துண்டு, பணத்தைப் பெறும் தருணத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பது. நம்பிக்கை மோசடியில் பொருள் முதலில் முறையாகக் கைக்கு வருகிறது, எண்ணம் பின்னால் கெடுகிறது. ஏமாற்றுதலில் எண்ணம் தொடக்கத்திலேயே கெட்டிருக்கிறது, அந்தப் பொய்யை நம்பியே பொருள் கைமாறுகிறது. ஒரே நிகழ்ச்சியில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது என்று 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. காவல்துறையினர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் வழக்கமாகச் சேர்த்துப் போடுவதையும் அது கண்டித்தது. என் வழக்கில் நான் தேடியது, ஏமாற்றப்பட்டவர் யார் என்பதை. நிறுவனமா, கடைக்காரரா? கடைக்காரர்கள் நால்வரும், தாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கியைத்தான் கொடுத்தோம், வழக்கமாக வருபவரிடம் கொடுத்தோம் என்று சொல்லியிருந்தார்கள். எந்தப் பொய்யை நம்பிக் கொடுத்தார்கள் என்பது எந்த வாக்குமூலத்திலும் இல்லை. அந்தப் பிரிவுக்கு எதிரே இரண்டு கட்டங்களும் காலியாக நின்றன. உங்கள் தம்பியின் கட்டில் வேறு வகையான பொய் ஒன்று வாக்குமூலத்தில் இருக்கக்கூடும்; ஆகவே இந்த ஒரு தீர்ப்பை மட்டும் நம்பி 318(4) தானாக விழுந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

336(3), ஏமாற்றும் நோக்கத்துடன் போலி ஆவணம் புனைதல்; பழைய 468. 340(2), போலி என்று தெரிந்தே அதை உண்மையானதுபோலப் பயன்படுத்துதல், பழைய 471. இவ்விரண்டையும் ஒன்றாகப் படிப்பது தவறு. முன்னதற்கு, அந்த ஆவணத்தைச் செய்தவர் இவர்தான் என்பது வேண்டும். செய்தவர் அல்லாத ஒருவர்மீது போலி ஆவணம் புனைந்த குற்றம் நிற்காது என்று 2018-ல் ஷீலா செபாஸ்டியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பின்னதற்கு, இவர் அதைக் கொடுத்தார், போலி என்று அறிந்திருந்தார் என்பது போதும். கடைக்காரர்கள் நால்வரும் ரசீதை இவர்தான் கொடுத்தார் என்றார்கள். ஆகவே 340(2)-க்கு எதிரே சாட்சி இருந்தது. ரசீதை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் தடய அறிவியல் ஆய்வக அறிக்கையின் மேல் விழுந்திருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிரிவுகளைப் பார்க்கும்போது தேதியையும் பார்க்க வேண்டும். புதிய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த செயலுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். வழக்கு எப்போது பதிவானது என்பது இதற்குக் கணக்கில்லை. என் வழக்கில் கைப்பற்றப்பட்ட 11 ரசீதுகளில் நான்கின் தேதி ஜூன் மாதத்துக்குள் இருந்தது. குற்றப்பத்திரிகையோ எல்லாவற்றுக்கும் புதிய சட்டத்தையே போட்டிருந்தது. இதனால் வழக்கு தள்ளுபடியாகாது. குற்றச்சாட்டு வனையும்போது நீதிமன்றம் திருத்திக்கொள்ளும். ஆனால் சாதாரண நம்பிக்கை மோசடிக்குப் பழைய சட்டத்தில் அதிகபட்சம் மூன்றாண்டு, புதியதில் ஐந்தாண்டு என்பதுபோல் தண்டனை உயர்ந்துள்ள பிரிவுகளில், இந்த ஒரு தேதி பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். செயல் நடந்த நாளில் இருந்த தண்டனைக்கு மேல் தர முடியாது என்பது அரசியலமைப்பின் 20-ம் உறுப்பு தரும் பாதுகாப்பு.

இனி சாட்சிப் பட்டியல். பதினான்கு பேர் என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவர்களை அவர்கள் சொல்லக்கூடியதை வைத்துப் பிரியுங்கள். என் வழக்கில் முதல் சாட்சி புகார் கொடுத்த மேலாளர். இரண்டாமவர் கணக்காளர். மூன்று, நான்கு மகஜர் சாட்சிகள். ஐந்து முதல் எட்டு வரை கடைக்காரர்கள். ஒன்பது, கிடங்கு ஊழியர். பத்து, வங்கி அதிகாரி. பதினொன்று, தடய அறிவியல் நிபுணர். பன்னிரண்டு முதல் பதினான்கு வரை காவல்துறையினர்: கான்ஸ்டபிள், முதல் தகவல் அறிக்கை பதிந்த உதவி ஆய்வாளர், புலனாய்வு அதிகாரி. இப்படிப் பிரித்ததும், பணம் கைமாறியதை நேரில் அறிந்தவர்கள் நால்வர் மட்டுமே என்பது வெளிச்சமாகிறது. மேலாளர் புகாரில் எழுதிய பெரும்பகுதி கணக்காளர் சொல்லி அவர் அறிந்தது. காவல்துறையினர் மூவரும் தாங்கள் செய்த பணியைத்தான் சொல்ல முடியும்.

பிறகு வாக்குமூலங்களை வரிசையாக வைத்துப் படியுங்கள். நடைமுறைச் சட்டத்தின் 180-ம் பிரிவில் காவல்துறை பதியும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது. சட்டமே வாங்கக் கூடாது என்கிறது. ஆகவே கையெழுத்து இல்லை என்பது குறையல்ல. அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமும் ஆகாது. அந்தச் சாட்சி கூண்டில் வேறு மாதிரிச் சொன்னால், முன்பு இப்படிச் சொன்னீர்களே என்று முரண்பாட்டைக் காட்டத்தான் அது பயன்படும். அதனால் வாக்குமூலத்தில் இருப்பதைப் போலவே அதில் இல்லாததும் முக்கியம். 183-ம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் முன் பதிவான வாக்குமூலம் ஏதாவது இருந்தால் அது வேறு எடை உடையது. அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

என் வழக்கில் கடைக்காரர் நால்வரின் வாக்குமூலங்களும் ஒரே நாளில், முதல் தகவல் அறிக்கை பதிந்து இரண்டரை மாதம் கழித்துப் பதியப்பட்டிருந்தன. கடைப் பெயரும் தொகையும் தவிர, வாக்கியங்கள் நான்கிலும் ஒன்றே. மூன்றாவது வரியில் இருந்த எழுத்துப்பிழைகூட நான்கிலும் ஒன்றே. ஒரே கணினிக் கோப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்பது தெளிவு. இது குறுக்கு விசாரணைக்கு நல்ல பொருள். இதனாலேயே அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஆகிவிடாது. கூண்டில் வந்து சொந்த வார்த்தையில் அதையே சொன்னால் நீதிபதி நம்பலாம்.

பட்டியலில் இல்லாதவர்களையும் எழுதுங்கள். மீதிப் பதினைந்து கடைக்காரர்கள் இல்லை. போலி ரசீதுப் புத்தகத்தை அச்சிட்டதாகச் சொல்கிறார்கள். அச்சகத்தார் யாரும் இல்லை. வெளித் தணிக்கையாளர் கொடுத்த அறிக்கை ஆவணப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தணிக்கையாளர் சாட்சிப் பட்டியலில் இல்லை. ஆவணம் இருந்து அதை எழுதியவர் சாட்சியாக இல்லாவிட்டால், அதை யார் மூலமாக நீதிமன்றத்தில் சான்றாகக் குறியீடு செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி எழும். இந்த ஒரு பொருத்தத்தை, அதாவது ஒவ்வோர் ஆவணத்துக்கும் அதைப் பேச ஒரு சாட்சி உண்டா என்பதை, வரி வரியாகச் சரிபாருங்கள்.

ஆவணங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். வழக்கின் உண்மையான நிலை அங்கேதான் கிடைக்கிறது. நான் நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஜப்தி மகஜர். எங்கே, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, யார் முன்னிலையில் என்பதைப் பாருங்கள். என் வழக்கில் ரசீதுப் புத்தகம் ஊழியர் வீட்டில், அவரே எடுத்துக் கொடுத்ததாக, காலை 11.30 முதல் 12.45 வரை மகஜர் எழுதப்பட்டிருந்தது. கைதுக் குறிப்பிலோ அவர் அன்று மாலை 4 மணிக்கு வேறோர் இடத்தில் கைதானதாக இருந்தது. இரண்டு தாள்களும் ஒரே கட்டில் முப்பது பக்க இடைவெளியில் கிடந்தன. மகஜர் சாட்சிகள் அந்த வட்டாரத்தைச் சேர்ந்த சுதந்திரமானவர்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒருவருடைய முகவரி நகரத்தின் மறுகோடியில் இருந்தது. மேலும், 2024 ஜூலையில் வந்த நடைமுறைச் சட்டத்தின் 105-ம் பிரிவுப்படி சோதனையும் கைப்பற்றுதலும் காணொளியாகப் பதிவு செய்யப்பட்டு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பப்பட வேண்டும். உங்கள் கட்டின் ஆவணப் பட்டியலில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இல்லை.

இரண்டாவது, தடய அறிவியல் ஆய்வகத்துக்கான கடிதம். கர்நாடகத்தில் இத்தகைய பரிசோதனை மடிவாளாவில் உள்ள மாநில ஆய்வகத்துக்குப் போகும். குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது அறிக்கை வந்திருக்காது. 'பெறப்பட வேண்டியுள்ளது' என்று ஒரு வரி இருக்கும். அறிக்கை இல்லையே என்று அந்த இடத்தைத் தாண்டிவிடாதீர்கள். அனுப்பிய கடிதம் கட்டில் இருக்கும். எதை எதனோடு ஒப்பிடச் சொன்னார்கள் என்பது அதில் தெரியும். எங்கள் வழக்கில் சந்தேகத்துக்குரிய 11 ரசீதுகளும், ஊழியரிடம் வாங்கிய மாதிரிக் கையெழுத்துகளும் போயிருந்தன. மேலாளர் கையெழுத்து போலி என்பதுதான் புகார்; மேலாளரின் உண்மைக் கையெழுத்து ஒன்றுகூட ஒப்பிடுவதற்கு அனுப்பப்படவில்லை. ஊழியரிடம் வாங்கிய மாதிரியிலும் அவருடைய சொந்தப் பெயர்தான் இருந்தது. ரசீதில் உள்ள பெயரை எழுதச் சொல்லி வாங்கவில்லை.

மூன்றாவது, வங்கிக் கணக்கு அறிக்கை. இதை யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை. நாற்பது பக்கம் இருக்கும், எண்கள் பொடியாக இருக்கும். ஏழாம் சாட்சி, ஆகஸ்டில் ரூ. 27,000-ஐ ஊழியரின் கைபேசி எண்ணுக்கே அனுப்பியதாகச் சொல்லியிருந்தார். கணக்கிலும் ஆகஸ்ட் 12 அன்று அந்த வரவு இருந்தது. அரசுத் தரப்பு அந்த ஒரு வரிக்காகத்தான் அறிக்கையையே வைத்திருந்தது. இரண்டு வரி கீழே, ஆகஸ்ட் 14 அன்று ரூ. 25,000 அதே கணக்கிலிருந்து நிறுவனத்தின் கணக்குக்குப் போயிருந்தது. அரசுத் தரப்பு நம்பும் ஆவணமே நமக்கும் பேசியது. உங்கள் தம்பியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பக்கங்களைப் படியுங்கள். எந்த வரவு எது, எந்தச் செலவு எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். வழக்கறிஞரால் இதைத் தனியாகச் செய்ய முடியாது.

நான்காவது, மின்னணுச் சான்று. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டோ கண்காணிப்புக் கேமராப் பதிவோ பட்டியலில் இருந்தால், அதனுடன் சான்றுச் சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். புதிய படிவத்தில் கருவியைக் கையாள்பவர் நிரப்புவது ஒரு பகுதி, நிபுணர் நிரப்புவது இன்னொரு பகுதி; கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் எழுதப்பட வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் அது பின்னர் தாக்கலாகவும் கூடும் என்பதால், இதை முதன்மைக் குறையாக எண்ணாமல் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை கைப்பற்றியும் பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஆவணங்கள் இருக்கும். ஜப்திப் பொருட்களின் படிவத்தையும் ஆவணப் பட்டியலையும் ஒப்பிட்டால் அவை தெரியும். எங்கள் வழக்கில் நிறுவனத்திலிருந்து மூன்று ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் கைப்பற்றப்பட்டு, ஒன்று மட்டுமே பட்டியலில் வந்திருந்தது. இத்தகையவற்றைப் பார்வையிடக் கேட்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2012-ல், பெங்களூர்ச் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த சொத்துக் குவிப்பு வழக்கில் வி.கே. சசிகலா தொடர்ந்த மேல்முறையீட்டில் ஏற்றுக்கொண்டது. அரசுத் தரப்பு நம்பாத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருட்கள் ஆகியவற்றின் பட்டியலையும் தர வேண்டும் என்று 2021 ஏப்ரலில் வகுத்த வழிகாட்டு நெறிகளில் அது மேலும் விரிவாகச் சொன்னது. அந்தப் பட்டியல் உங்களுக்குத் தரப்பட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் கேட்டால்தான் கிடைக்கும்.

இவ்வளவும் கண்டுபிடித்தபின் எங்கள் வழக்கில் என்ன நடந்தது என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். விடுவிப்பு மனுவில் 318(4) மட்டும் நீங்கியது. மற்ற மூன்றுக்கும் குற்றச்சாட்டு வனையப்பட்டது. வாக்குமூலங்கள் ஒரே மாதிரி இருப்பதும், மகஜர் நேரமும் கைது நேரமும் முரண்படுவதும் சாட்சியத்தை எடைபோட வேண்டிய செய்திகள், அதற்கு இது கட்டமில்லை என்று மாஜிஸ்திரேட் சொன்னார். சட்டப்படி அது சரியே. குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் நீதிமன்றம், அரசுத் தரப்பு காட்டும் ஆவணங்களை அப்படியே ஏற்றுக்கொண்டால் குற்றம் உருவாகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஆகவே காலிக் கட்டத்துக்கும் பலவீனமான கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோட்டில் இரண்டு நிற மையால் குறியுங்கள். சாட்சியே இல்லாத காலிக் கட்டம் விடுவிப்பு மனுவுக்கு உதவும். சாட்சி இருந்து நம்பத்தகாததாகத் தோன்றுவது குறுக்கு விசாரணைக்கு உரியது. காலிக் கட்டம் காலியாகவே இருக்கும் என்பதும் உறுதியல்ல. நடைமுறைச் சட்டத்தின் 193(9) பிரிவின்கீழ் மேல் புலனாய்வு செய்து கூடுதல் அறிக்கை தாக்கல் செய்யலாம். எங்களுக்கும் அப்படித்தான் ஆய்வக அறிக்கை பின்னால் வந்தது. ஒப்பிடப் போதுமான மாதிரி இல்லாததால் கருத்துக் கூற இயலவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். விசாரணை இப்போது ஐந்தாம் சாட்சியில் நிற்கிறது.

கடைசியாக ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சாட்சிப் பட்டியலைத் தமிழில் எழுதி முடித்ததும், அதில் தெரிந்த பெயர் ஏதாவது இருக்கும். பல ஆண்டு பழகிய கடைக்காரராகக்கூட இருப்பார். "ஏன் அண்ணா இப்படிச் சொன்னீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றும். நீங்களோ உங்கள் தம்பியோ அவருக்குப் போன் செய்யாதீர்கள். சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லி ஜாமீனை ரத்து செய்யக் கோர அந்த ஓர் அழைப்பே போதும். அவராகவே உங்களை அழைத்துப் பேசினால், அழைத்த தேதியையும் நேரத்தையும் அவர் சொன்னதையும் அந்த நோட்டிலேயே எழுதி, அன்றே வழக்கறிஞரிடம் தெரிவித்துவிடுங்கள்.